கடைக் கணக்கைப் படத்தில் படித்துப் பாக்கி காணும் முறை
(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஊர் மளிகைக் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கி அறுவடையில் தீர்ப்பது நம் வழக்கம். கடைக்காரர் உயிரோடு இருக்கும்வரை அந்தக் கணக்கில் சிக்கல் எழுவது குறைவு. அவர் காலமான பிறகோ நிலைமை வேறு. அண்மையில் அத்தகைய ஒரு குடும்பத்திற்கு நாங்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். மழையில் நனைந்த கணக்கு நோட்டு மேலும் பாழாகுமுன் மகன் அதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தான். அந்தப் படங்களே எஞ்சின. பாக்கி குறைந்தால் கைம்பெண்ணின் முதல் போய்விடும். கூடினால் கூலிக்காரர் ஒருவர் கொடுத்த பணத்தையே மறுபடி கொடுக்க நேரும். ஆகவே அவ்வேலையில் நாங்கள் கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்வோம். நோட்டைத் தட்டையாக விரித்து, நேர் மேலிருந்து, ஒரு பக்கத்திற்கு ஒரு படம் எடுக்க வேண்டும். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். தையல் ஓரத்தில் தாள் வளைந்தால் அங்குள்ள எழுத்து மறையும். பல கடைக்காரர்கள் தொகையை ஓரத்தில்தான் எழுதுகின்றனர். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எண் எழுதிய சிறு துண்டுத் தாளை வைத்துப் படம் எடுப்பது நல்லது. பக்கங்கள் வரிசை மாறினால் என்ன கேடு விளையும் என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது, படிக்கும்போதே கூட்டக் கூடாது. முதலில் உள்ளதை உள்ளபடியே வேறு தாளில் பெயர்த்து எழுத வேண்டும். பக்க எண், வரி எண், தேதி, பெயர், சாமான், பற்று, வரவு என்று பத்திகள் வகுத்துக் கொள்ளலாம். ஐயமுள்ள எண்ணுக்கு அருகில் ஒரு புள்ளி இட்டு மேலே செல்ல வேண்டும். ஊகித்து எழுதிவிட்டால் அது ஊகம் என்பதே பிறகு மறந்துபோகும்.

பழைய கைகளில் சில குறிகள் வரும். ௶ என்பது பற்று. ௷ என்பது வரவு. ௹ என்பது ரூபாய். ௸ என்பது மேற்படி, அதாவது மேல் வரியில் உள்ள அதே பெயர். பக்கம் மாறும்போது இந்த மேற்படியே பெரிய கண்ணியாகிறது. புதுப் பக்கத்தின் முதல் வரி ௸ என்று தொடங்கினால், அதன் பெயர் முந்திய பக்கத்தின் கடைசி வரியில் இருக்கும். படங்கள் இடம் மாறியிருந்தால் ஒருவர் வாங்கிய சாமான் வேறொருவர் தலையில் ஏறிவிடும்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. பெயர்களும் தொகைகளும் விளக்கத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. முதற் பக்கத்தில் ஆறு வரிகள்: மாரிக்கு அரிசி 5 கிலோ, ரூ.260, மேற்படி எண்ணெய், ரூ.140, செல்லத்திற்குப் பருப்பு, ரூ.150, கந்தனுக்குச் சர்க்கரை, ரூ.90, மேற்படி தேயிலை, ரூ.60, மாரி வரவு, ரூ.200. பற்று 700, வரவு 200. பக்கத்தின் நிகரம் 500.

இரண்டாம் பக்கத்தில் ஐந்து வரிகள்: மாரி முன்பாக்கி, ரூ.200, மாரிக்குச் சோப்பு, ரூ.75, செல்லத்திற்கு அரிசி 3 கிலோ, ரூ.156, கந்தன் வரவு, ரூ.100; மாரிக்கு மிளகாய், ரூ.85.

இங்கு முதல் வரியில் நின்று யோசியுங்கள். முன்பாக்கி 200 என்பது புதுக் கடன் அன்று. மாரி முதற் பக்கத்தில் வாங்கிய 400இல் 200 கொடுத்தது போக மீந்ததே அது. அதையும் கூட்டினால் மாரியின் பாக்கி 560 ஆகும். உண்மையில் அது 360தான். முதற் பக்கம் நம் கையில் இருக்கும்போது முன்பாக்கி வரியைக் கூட்டலாகாது. நம் கூட்டலைச் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். முந்திய பக்கம் காணாமற் போயிருந்தால்தான் முன்பாக்கியைத் தொடக்கத் தொகையாகக் கொள்ளலாம்.

அவ்வாறு கூட்டினால் மாரி 360, செல்லம் 306, கந்தன் 50, மொத்தம் 716. பக்கவாரியாகவும் கூட்டிப் பாருங்கள். முதற் பக்கம் 500. இரண்டாம் பக்கத்தில் முன்பாக்கி நீங்கலாகப் பற்று 316, வரவு 100, நிகரம் 216. மொத்தம் அதே 716. ஆள்வாரித் தொகையும் பக்கவாரித் தொகையும் ஒத்தாலன்றி வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

ஒவ்வாவிடில், வித்தியாசமே பிழையிருக்கும் இடத்தைக் காட்டுவதுண்டு. ஆள்வாரியில் எழுதும்போது 156ஐ 165 என்று மாற்றிவிட்டால் வித்தியாசம் 9 வரும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கந்தன் கொடுத்த 100ஐக் கழிக்காமல் கூட்டிவிட்டால் வித்தியாசம் 200 வரும். ஆகவே வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகையுள்ள வரியைத் தேடினால் பிழை அகப்படும்.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. படத்திலேயே 156ஐ 165 என்று தவறாகப் படித்திருந்தால் இரு தொகைகளும் ஒன்றாகவே தவறும். அங்கே சாமானின் விலைதான் சாட்சி. 5 கிலோ அரிசி 260 என்றால் கிலோ 52. 3 கிலோவுக்கு 156தான் வரும். ஒன்றும் ஏழும் மயங்கும் இடத்திலும், 12.50இன் புள்ளி மங்கி 1250 போல் தோன்றும் இடத்திலும், தொகைக்குப் பின் இட்ட சாய்கோடு ஒன்று என்ற இலக்கமாகத் தோன்றும் இடத்திலும் இதே வழியைக் கையாளலாம். அதுபோல, கந்தனின் தேயிலையைச் செல்லத்தின் பெயரில் எழுதிவிட்டாலும் மொத்தம் மாறாது. அப்பிழையைச் செல்லமே கண்டு சொல்ல வேண்டும்.

பெயர்களிலும் எச்சரிக்கை வேண்டும். 'மாரி' என்று ஓரிடத்திலும் 'மேலத்தெரு மாரி' என்று வேறிடத்திலும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று நாமாகச் சேர்க்கலாகாது. விசாரித்துத் தெளியும்வரை தனித்தனியே வைக்க வேண்டும். அடித்த வரியும் அப்படியே. தனி ஒரு வரியை அடித்து அருகில் வேறு தொகை எழுதியிருந்தால் அது திருத்தம். ஒருவர் பெயரிலுள்ள வரிகள் யாவும் அடிபட்டிருந்தால் பெரும்பாலும் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். இரண்டில் எது என்பது விளங்காவிடில் அவ்வரியைக் கூட்டலில் சேர்க்காமல் ஐயப் பட்டியலில் எழுதுங்கள்.

கடைசியாக, ஒவ்வொருவருக்கும் அவர் கணக்கை மட்டும் வரிவரியாகத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். தெளிவான பாக்கி இவ்வளவு, ஐயமுள்ள தொகை இவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். ஊரார் முன்னிலையில் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டாம். கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறியது. அதற்குப் பின் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவ்விதி உள்ளது. ஆகவே வாங்கியவரும் தம் கணக்கைப் பார்த்து ஒப்புவது இன்றியமையாதது.

நாங்கள் கணக்குப் பார்த்த வீட்டிலும் அவ்வாறே செய்தோம். தாளைப் பெற்ற சிலர், நாங்கள் படிக்க முடியாத வரிகளைத் தாமே படித்துச் சொன்னார்கள். ஒரு மூதாட்டி, அடித்திருந்த வரி ஒன்றைக் காட்டி, 'இது நான் கொடுக்கவில்லை, பாக்கியில் சேருங்கள்' என்றார். அதையும் சேர்த்தே அந்தக் கணக்கை முடித்தோம்.