லுங்கித் துணியில ஒரு சுவர் ஓவியம்

பேசின் பிரிட்ஜ்ல நம்ம வாடகை வீட்டு ஹால் சுவர் ரெண்டு வருஷமா காலியா கிடந்தது. பெரிய ஓவியம் வாங்க காசு இல்ல. ஆனா பக்கத்துலயே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கே! அங்க ஒரு கட்டம் போட்ட பருத்தி லுங்கி வாங்கினேன். கம்பெனி காலத்துல ஏற்றுமதித் துணியை வெளுத்தவங்க குடியிருந்த பேட்டை அது. உலகம் 'மெட்ராஸ்'னு சொல்றதும் இந்தக் கட்டம் போட்ட துணியைத்தான்.

முதல் வேலை, துணியைத் துவைக்கிறது. புதுத் துணியில கஞ்சி இருக்கும். நம்ம ஊர் ஈரத்துல அதுதான் பூஞ்சைக்குச் சாப்பாடு. துவைச்சா சுருங்குறதும் முன்னாடியே முடிஞ்சிடும். அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா இன்னும் ரெண்டு தடவை அலசணும். 1960கள்ல அமெரிக்காவுல சாயம் போறதையே பெருமையாச் சொல்லி 'ப்ளீடிங் மெட்ராஸ்'னு வித்தாங்க. சட்டைக்கு அது ஸ்டைல், சுவருக்கு அது கறை.

அடுத்து சட்டம். ஒரு இஞ்சு தடிமன் ரீப்பர் கட்டை, ஆறடி போதும். 20 இஞ்சுல ரெண்டு, 14 இஞ்சுல ரெண்டு அறுத்து, சின்னதை நடுவுல வச்சு ஆணி அடிச்சா 16க்கு 20 சட்டம் ரெடி. மூலைக்கு மூலை குறுக்கா அளங்க. ரெண்டு அளவும் ஒண்ணா இல்லேன்னா சட்டம் கோணல்.

துணியை 20க்கு 24ஆ வெட்டி, சட்டத்துக்குப் பின்னாடி மடிச்சு ஸ்டேப்பிள் அடிக்கணும். நான் முதல்ல மூலையில ஆரம்பிச்சேன். கட்டக் கோடெல்லாம் வில்லு மாதிரி வளைஞ்சிருச்சு! பிரிச்சுட்டு மறுபடி பண்ணேன். நாலு பக்கமும் முதல்ல நடுவுல ஒண்ணு, எதிரெதிரா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மூலை பக்கம். மூலை கடைசி. கோடு கட்டைக்கு நேரா ஓடுதான்னு ஒவ்வொரு ஸ்டேப்பிளுக்கும் பாருங்க. கட்டம் போட்ட துணியோட வசதியே அதுதான், தப்பை அதுவே காட்டிக் கொடுத்துடும்.

பெயின்ட் கொஞ்சம் போதும். நாலு கட்டத்தைச் சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ள அக்ரிலிக் பெயின்ட்டை ஸ்பான்ஜால தட்டித் தட்டி வைங்க. தண்ணி கலக்காதீங்க, கலந்தா நூல் வழியா டேப்புக்கு அடியில ஓடிடும். துவைக்கப் போறதில்ல, அதனால அயர்ன் பண்ண வேண்டியதில்ல.

மாட்டும்போது ஒரு ஆணி பத்தாது. எங்க வீட்ல ரயில் போற அதிர்வுக்கே ஃப்ரேம் சாஞ்சிடுது. ஒரே மட்டத்துல ரெண்டு ஆணி அடிச்சதும் நின்னுச்சு. பின்னாடி கீழ் மூலைகள்ல பழைய ரப்பர் செருப்பு துண்டு ஒட்டினேன். சுவருக்கும் துணிக்கும் நடுவுல காத்து போகும். ஆனா மழைக்கு ஓதம் ஏறுற சுவரா இருந்தா அங்க மாட்டவே மாட்டாதீங்க, வேற சுவர் பாருங்க.

அந்த ஒரு லுங்கியில இதே அளவுல ஆறு துண்டு வரும். எனக்கு இன்னும் அஞ்சு பாக்கி இருக்கு!