பெட்டியில் அனுப்புவதா, இணையத்தில் ஏற்றுவதா?



2017 ஏப்ரலில் கருந்துளையைப் படம்பிடிக்க உலகின் பல தொலைநோக்கிகள் ஒன்றுசேர்ந்தன. தென் துருவத்தில் தரவு பதிவான வட்டுகள் பல மாதங்கள் அங்கேயே கிடந்தன. குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை அவற்றை வெளியே கொண்டுவர வழியில்லை. ஆய்வகத்துக்கு அவை வந்து சேர்ந்தபோது டிசம்பர் ஆகிவிட்டது. தரவைப் பெட்டியில் வைத்து அனுப்புவோர் கணக்கிட வேண்டியது வண்டி ஓடும் நேரத்தை மட்டுமல்ல.

நம் வேலைக்கு வருவோம். ஒரு நூலகத்தில் சுவடிப் படங்கள் 60 டெராபைட் சேர்ந்துள்ளன என்று கொள்வோம். அவை கிளவுடுக்குப் போக வேண்டும். இணைப்பு விநாடிக்கு 1 கிகாபிட். அலுவலகத்தில் மற்றவர்களும் அதே இணைப்பைப் பயன்படுத்துவதால் அறுபது விழுக்காடுதான் நமக்குக் கிடைக்கும். அப்படியும் ஒன்பது நாளுக்குச் சற்று மேல் ஆனால் வேலை முடிந்துவிடும். பெட்டி வழியைப் பாருங்கள். கிளவுட் நிறுவனத்தின் காலிப் பெட்டி வந்து சேர நான்கு நாள். விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்க மூன்றரை நாள். திரும்பிப் போக நான்கு நாள், அங்கே இறக்க இரண்டு மூன்று நாள். ஆக இரண்டு வாரம். இணையமே முந்துகிறது. இணைப்பு 200 மெகாபிட் மட்டுமே என்றால், அதே அறுபது விழுக்காட்டில் நாற்பத்தாறு நாள் ஆகும். அங்கே பெட்டியைத் தயங்காமல் கேளுங்கள்.

ஒப்பந்தத்தாளில் எழுதியிருக்கும் வேகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் சொந்தக் கோப்புகளில் நூறு கிகாபைட்டை எடுத்து ஒரு வேலைநாளிலும் ஓர் இரவிலும் ஏற்றிப் பாருங்கள். பல கோப்புகளை ஒரே நேரத்தில் ஏற்றும்போது வேகம் ஏறுகிறதா என்றும் பாருங்கள். இணைப்பின் வேகத்தை எட்டும் முன்பே அது ஏறாமல் நின்றுவிட்டால், தடை உங்கள் சேமிப்பகத்தில் இருக்கலாம். அப்படியானால் அந்தத் தடை பெட்டிக்கும் பொருந்தும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நிறுவனத்தில் லட்சக்கணக்கான சிறுபடங்களைப் பெட்டிக்கு மாற்றினோம். 200 மெகாபைட் என்று எதிர்பார்த்த வேகம் 20க்கு இறங்கியது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போயிற்று. நூற்றுக்கணக்கில் சேர்த்து `tar` பொட்டலங்களாகக் கட்டிய பிறகே வேகம் மீண்டது.

அதைவிட வருத்தமான ஒன்றும் அங்கே நடந்தது. பெட்டி போய்ச் சேர்ந்தது என்ற தகவல் வந்ததுமே மூலப்பிரதிகளை ஒருவர் அழித்துவிட்டார். சில பொட்டலங்கள் பிழையோடு எழுதப்பட்டிருந்தன. அதனால் அனுப்பும் முன்பே ஒவ்வொரு பொட்டலத்துக்கும் SHA-256 மதிப்பைக் கணக்கிட்டு, அந்தப் பட்டியலைப் பெட்டிக்கு வெளியே வைத்திருங்கள். கிளவுடில் ஏறியவற்றின் மதிப்புகள் அதனோடு ஒன்றொன்றாகப் பொருந்தும்வரை மூலத்தைத் தொட வேண்டாம். பெட்டி வழியில் இருக்கும்போது புதிதாகச் சேரும் படங்களை இணையம் வழியாகவே அனுப்பிவிடலாம்.

தங்கள் இணைப்பின் அளந்த வேகத்தோடு வந்திருக்கும் நண்பர்கள் முதல் அமர்வில் அதைப் பகிர்ந்துகொள்ளட்டும்.