கடலுக்குப் போகிறவரின் பயோடேட்டா



கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குக்கு ஆள் அனுப்பும் அலுவலகங்களில் பயோடேட்டாக்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பவர், 'கடுமையாக உழைப்பேன், எல்லோருடனும் ஒத்துப்போவேன்' என்ற வரிகளில் நிற்கவே மாட்டார். அவர் கண் தேடுவது தேதிகளை. இந்த ஆள் ரிக்கில் ஏறும் நாளிலிருந்து இறங்கும் நாள் வரை எல்லாச் சான்றிதழும் உயிரோடு இருக்குமா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி.

ஒரு டெரிக்மேனை எடுத்துக்கொள்வோம். ரிக்கில் வேலைக்குச் சேர்கிறவர் பெரும்பாலும் ரௌஸ்டபவுட்டாகத்தான் தொடங்குவார். டெக்கில் சரக்கு இறக்குவது, கழுவுவது, பெயின்ட் அடிப்பது அவர் வேலை. அங்கிருந்து ரிக் ஃப்ளோரில் பைப் மாட்டும் ஃப்ளோர்மேன், அதற்கு மேல் டெரிக்மேன், பிறகு அசிஸ்டன்ட் டிரில்லர், டிரில்லர், டூல்புஷர் என்று ஏணி போகும். நம் ஆள் அசிஸ்டன்ட் டிரில்லர் வேலைக்கு மனுப் போடுகிறார். 'டெரிக்மேன், 5 ஆண்டு அனுபவம், ஆஃப்ஷோர்' என்று எழுதியிருக்கிறார். இதில் வாசிப்பவருக்கு எதுவும் பிடிபடாது.

முதலில், எந்த வகை ரிக்? கால்களைக் கடலடியில் ஊன்றி நிற்பது ஜாக்-அப். 1974-ல் மும்பை ஹையில் எண்ணெய் கண்ட சாகர் சாம்ராட் இந்த வகைதான். ஆழ்கடலில் கால் எட்டாது. அங்கே மிதக்கும் ரிக்கோ டிரில்ஷிப்போ வேண்டும். கிணற்றிலிருந்து வாயு சீறி வந்தால் வாயை இறுக்கி அடைக்கும் கருவியை பி.ஓ.பி. என்பார்கள். ஜாக்-அப்பில் அது ரிக் ஃப்ளோருக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில் இருக்கும். டிரில்ஷிப்பில் அது கடலின் அடித்தரையில் உட்கார்ந்திருக்கும். கிணற்றைக் கட்டுப்படுத்தும் வெல் கன்ட்ரோல் பரீட்சையிலும் அதனால்தான் மேற்பரப்புக்கு மட்டும் ஒரு சான்றிதழ், கடலடிக்கும் சேர்த்து இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ரிக்கின் வகையை எழுதாத பயோடேட்டா இந்த இடத்திலேயே பாதி மதிப்பை இழக்கிறது.

அடுத்தது ஹிச், அதாவது ஒரு தடவை கடலில் இருக்கும் நாள் கணக்கு. 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்பது பல ஒப்பந்த ரிக்குகளில் வழக்கம். 14-க்கு 14-ம் உண்டு. 28-க்கு 28 என்றால் 5 ஆண்டு அனுபவத்தில் ரிக்கில் கழிந்தது இரண்டரை ஆண்டுதான். அதில் குறை ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அதே கணக்குதான். ஆனால் ஹிச்சை எழுதாமல் விட்டால், 14-க்கு 14 பழகியவரா, ஒரே மூச்சில் இரண்டு மாதம் கிடந்தவரா என்று தெரியாது. தினமும் 12 மணி நேர ஷிஃப்டில் நிற்கும் வேலைக்கு அது தெரிந்தாக வேண்டும்.

ஆகவே அந்த ஒரு வரி இப்படி விரிய வேண்டும்: ரிக்கின் பெயர், ஜாக்-அப், எந்தக் கடல், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, 28-க்கு 28. அதன் கீழே, மங்கி போர்டில் நின்று பைப் ஸ்டாண்டுகளை அடுக்கியது, மட் பம்புகளைப் பிரித்து உதிரி மாற்றியது, மட்டின் எடையை அளந்து டிரில்லருக்குச் சொன்னது. நாலு வரி போதும். வாசிப்பவர் ரிக்கில் இருந்தவராக இருந்தால், எழுதியவர் நிஜமாகவே மேலே ஏறியவரா என்று இதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இனி சான்றிதழ்கள். போசியட் என்று எல்லோரும் சொல்லும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி மூன்று நாள். அதற்குள்ளேயே ஹெலிகாப்டர் தண்ணீரில் கவிழ்ந்தால் தப்பிக்கும் பயிற்சியும் அடக்கம். நீச்சல் குளத்தில் ஹெலிகாப்டர் கூண்டை இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். ஒரு கை ஜன்னல் விளிம்பில், ஒரு கை பெல்ட் கொக்கியில். கூண்டு ஆடி நிற்கும் வரை பொறுத்து, ஜன்னலைத் தள்ளிவிட்டு, கடைசியாகத்தான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு முதலில் கழற்றினால் உடம்பு மிதந்து எங்கோ போய் முட்டும். ஜன்னல் எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும். புத்தகத்தில் படித்தால் இது கைக்கு வராது, வந்தாலும் நாளாக ஆக மங்கிவிடும். அதனால்தான் இதற்கு நான்கு ஆண்டு ஆயுள். வெப்பக் கடல்களுக்கென்று தனியாக டி-போசியட் உண்டு. குளிர்நீர் உடுப்புப் பயிற்சி அதில் இல்லாததால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வடகடலுக்குப் போக முடியாது. பயோடேட்டாவில் வெறுமனே 'போசியட்' என்று போடுகிறவர்கள் இந்த ஒரு எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

நம் டெரிக்மேனின் போசியட் 2026 மார்ச் 21-ல் முடிகிறது. ரிக்கில் ஏற வேண்டிய நாள் மார்ச் 3. இறங்கும் நாள் மார்ச் 31. ஏறும்போது சான்றிதழ் செல்லும் என்பது அவர் கணக்கு. ஆனால் திரும்பி வருவதும் ஹெலிகாப்டரில்தானே! பெரும்பாலான நிறுவனங்கள் ஹிச் முடியும் நாள் வரை செல்லுபடியாகும் சான்றிதழைத்தான் கேட்கும். அவர் ஏறவில்லையென்றால், அங்கே அவருக்காகக் காத்திருக்கும் ஜோடி ஆளும் வீட்டுக்கு வர முடியாது.

பழைய சான்றிதழ் காலாவதியாகும் முன்பு போனால் ஒரே நாள் புதுப்பிப்புப் பயிற்சி போதும். ஒரு நாள் தவறினாலும் மூன்று நாள் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கான பணத்தையும் கட்ட வேண்டும். நச்சு வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கான பயிற்சிக்கும் வெல் கன்ட்ரோலுக்கும் ஆயுள் இரண்டே ஆண்டு என்பதால், அவை இன்னும் சீக்கிரம் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே பயோடேட்டாவின் முதல் பக்கத்திலேயே, பெயருக்குக் கீழே, ஒவ்வொரு சான்றிதழுக்கும் எண், வாங்கிய தேதி, முடியும் தேதி என்று மூன்று கட்டம் போட்டுவிடுவது நல்லது. எண் ஏன் என்றால், ஒபீட்டோ அமைப்பின் சான்றிதழ்களுக்கு மையப் பதிவேடு இருக்கிறது. கடையில் அச்சடித்த போலி அங்கே சிக்கிவிடும்.

மருத்துவச் சான்றிதழில் வேறு ஒரு சிக்கல். பிரிட்டன் முறையிலான கடல்பணி மருத்துவச் சான்றிதழுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியிருந்தால் மருத்துவர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று குறைத்தும் தருவார். அதை இரண்டு ஆண்டு என்று எழுதிவைத்துவிட்டு, அசலைக் காட்டும்போது மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. நோயின் பெயரைப் பயோடேட்டாவில் எழுத வேண்டியதில்லை. தகுதி உண்டா, ஏதாவது கட்டுப்பாடு இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்பது போதும். பிரிட்டன் கடலில் தோள் அகலத்தைக்கூட அளக்கிறார்கள். 2013-ல் ஷெட்லாந்து தீவுகளின் சம்பரோ அருகே ஹெலிகாப்டர் விழுந்து நான்கு பேர் இறந்த பிறகு விதிகள் இறுகின. தோள் 22 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய ஜன்னல் ஓரத்தில்தான் இடம் தருவார்கள்.

மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி குறிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிக்கிலிருந்து இறங்கிய அன்றே போய் உட்காராதீர்கள். மட் பம்புக்குப் பக்கத்தில் நான்கு வாரம் நின்ற காது உடனே தெளியாமல் மந்தமாகவே இருக்கும். கேட்கும் திறன் சோதனையில் அது குறையாகப் பதிவாகும். தெளிந்துவிடக்கூடிய ஒன்றுக்காகத் திரும்பத் திரும்ப விளக்கம் சொல்ல வேண்டிவரும். வீட்டில் இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்துவிட்டு, விடுப்பின் முதல் வாரத்துக்குள்ளேயே போய் வந்தால், ஏதாவது மறுபரிசோதனை கேட்டாலும் அடுத்த ஹிச்சுக்கு முன் முடித்துவிடலாம்.