யாருக்கு விற்கிறது?

மேடையில பேசிப் பழக்கமில்ல, தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

நாங்க கீரனூர் பக்கம். எங்க குழுவுல நாலு பேர் சேர்ந்து, ஊர்ல விளையுற காய்கறியைத் திருச்சி கே.கே. நகர் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். புதுக்கோட்டை ரோட்டுலயே போனா கே.கே. நகர் முன்னாடியே வந்துடும், ஊருக்குள்ள நெரிசல்ல மாட்ட வேண்டாம். அதனாலதான் அந்த இடம்.

முதல்ல நாங்க செஞ்சது, பக்கத்துப் பக்கத்துல இருக்கிற மூணு அடுக்குமாடியில 96 வீட்டுக்கும் நோட்டீஸ் கொடுத்தோம். "தோட்டத்துக் காய் வேணுமா?"ன்னு கேட்டா யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. முதல் வாரம் 41 வீட்டுல வாங்கினாங்க. எங்களுக்குத் தலைகால் புரியல. நாலாவது வாரம் பார்த்தா 17 வீடுதான்.

அப்பதான் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். குட்டியானை வாடகை போய்வர 1,500 ரூபாய். 300 ரூபாய்ப் பை ஒண்ணு வித்தா, விளைவிச்சவங்களுக்குக் கொடுத்தது, பைச் செலவு போக 75 ரூபாய் நிக்கும். அப்படின்னா 20 பை வித்தாத்தான் வண்டி வாடகையே வரும். நாலாவது வாரம் வாங்கின 17 வீட்டுல 12 வீடு 300 ரூபாய்க்கு, 5 வீடு 100 ரூபாய்க்கு. கையில நின்னது 1,025. வண்டிக்கே 475 ரூபாய் கைக்காசு போட்டோம்.

விட்டுப்போனவங்க யாருன்னு பார்த்தோம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு நிறைய. நாங்க போறது பகல் பதினொரு மணி, வீடு பூட்டியிருக்கும். பையை வாட்ச்மேன்கிட்ட வச்சிட்டு வருவோம், அவங்க ராத்திரி வந்து எடுக்கும்போது கீரை வாடிக்கிடக்கும். குத்தம் எங்க தலையில. அவங்களுக்கு வேணும்னா செல்போன்ல அமுக்கினா பத்து நிமிஷத்துல காய் வந்துடுது, அதோட நாம ஓட முடியாது.

இன்னும் சில பேர் கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் சேர்த்துக் கேட்டாங்க. நம்ம மண்ணுல கத்திரி, வெண்டை, கொத்தவரை, சுரை, கீரைதானே வரும்? அவங்களை விடக்கூடாதுன்னு காந்தி மார்க்கெட்ல வாங்கிக் கொடுத்தோம். அதுல லாபமும் இல்ல, மிஞ்சினது அழுகிப்போச்சு. எல்லாத்தையும் ஒரே இடத்துல வாங்கணும்னு நினைக்கிறவங்க நமக்கான ஆள் இல்லன்னு அன்னைக்கு விட்டோம்.

வயசான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீடுங்க வேற மாதிரி. பிள்ளைங்க வெளிநாட்டுல இருப்பாங்க. நம்மளைப் பார்த்தா சந்தோஷப்பட்டு மோர் கொடுப்பாங்க, பிஞ்சு வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்த்து எடுப்பாங்க. ஆனா கால் கிலோ, கால் கிலோதான். அந்த 100 ரூபாய்ப் பையில நமக்கு 25 ரூபாய் நிக்கும். மனசுக்குப் பிடிச்ச வீடு, கணக்குக்கு ஆகல.

நின்ன 12 வீட்டைப் பார்த்தா ஒரே மாதிரி இருந்துச்சு. வேலைக்குப் போறவங்க, ஸ்கூல் போற பிள்ளைங்க, கூடவே மாமியாரோ அம்மாவோ. பகல்ல வாங்கி வைக்க ஆள் உண்டு, ரெண்டு வேளை சமைக்கிறாங்க, டிபன் பாக்ஸ் கட்டுறாங்க. கொத்தவரை, சுரைக்காய் எல்லாம் அந்தப் பெரியம்மாக்களுக்குச் செய்யத் தெரியும்.

அதுக்கப்புறம் "காய் வேணுமா"ன்னு கேக்கிறதை விட்டுட்டோம். "பகல்ல வீட்டுல யார் இருப்பாங்க? எத்தனை பேருக்குச் சமைப்பீங்க? கீரை வாரத்துல எத்தனை நாள்?" இப்படித்தான் கேக்கிறோம். அந்த 12 வீட்டுப் பெரியம்மாக்களே சாயங்காலம் கீழ நடக்கும்போது பழக்கமானவங்களைச் சேர்த்துவிட்டாங்க. புதுசா வர்ற வீட்டை மூணாவது வாரமும் வாங்கினாத்தான் கணக்குல சேர்ப்போம். முதல் வாரம் ஆசையில வாங்குறது.

இப்ப 27 வீடு. ஒரு நடைக்கு 2,025 நின்னு, வாடகை போக 525 மிஞ்சுது. நாலு பேருக்குப் பிரிச்சா பெரிய காசு இல்லதான். ஆனா காய் கொடுக்கிற எங்க குழு அக்காங்களுக்கு உள்ளூர் வியாபாரி கொடுக்கிறதைவிடக் கிலோவுக்கு நாலஞ்சு ரூபாய் கூடக் கிடைக்குது. வெயில் காலத்துல காய் குறையுறப்ப என்ன பண்றதுன்னு இன்னும் பிடிபடல.

வயசானவங்களையும் விட மனசு வரல. எதிரெதிர் வீட்டுல இருக்கிற மூணு வீட்டுக்கு ஒரே பையாக் கொடுத்து, அவங்களே பங்கு போட்டுக்கிற மாதிரி ஒரு மாடியில செஞ்சு பார்க்கிறோம். ஸ்ரீரங்கத்துல இருந்தும் கூப்பிடுறாங்க. காவிரி தாண்டிப் போகணும், வாடகை கூடும். அங்க ஒரே தெருவுல 25 வீடாவது இப்படிப்பட்ட வீடு இருக்கான்னு, அடுத்த மாசம் வெறும் கையோட பஸ்ல போய் எண்ணிட்டு வரப் போறோம்.