கிருமி போச்சு, சோப்பு போகலை

போன வாரம் நிறைய பேர் பாப்பா துணி பத்திக் கேட்டிருந்தீங்க. நான் செஞ்ச தப்பையே சொல்லிடறேன்.

பாப்பாவுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது எல்லாத் துணியையும் 60 டிகிரியில் போட்டேன். லிக்விட் ஒரு முழு மூடி. கூடவே, சாஃப்ட்னர் ஊத்துற இடத்துல கிருமிநாசினி. பத்து நாள்ல கழுத்து, அக்குள், இடுப்பு எலாஸ்டிக் படுற இடமெல்லாம் சிவந்து போச்சு. வேர்க்குருன்னு நினைச்சோம். டாக்டர் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "துணியை எதுல துவைக்கிறீங்க?"

வீட்டுக்கு வந்து ஒரு டெஸ்ட் பண்ணேன். துவைச்சுக் காய்ஞ்ச துணிகளைச் சோப்பே போடாம, வெதுவெதுப்பான தண்ணியில மறுபடி மெஷின்ல ஓட விட்டேன். கண்ணாடிக் கதவுல நுரை! அதாவது, நான் போட்ட சோப்பு துணியிலேயே தங்கியிருக்கு.

இங்கதான் நான் குழம்பியிருந்தேன். சூடு கிருமியைக் கொல்லும், சோப்பை வெளியேத்தாது. அதுக்கு அலசல்தான் வேணும். ஃப்ரண்ட் லோட் மெஷின் குறைவான தண்ணியில துவைக்குது. அதுல முழு மூடி ஊத்தி, டிரம்மையும் அடைச்சா சரியா அலசாது. மிச்சம் இருக்கிற சோப்பு, வேர்வை பட்டதும் துணி உரசுற இடத்துல தோலை எரிச்சலாக்கும்.

இப்போ நாங்க செய்யறது இதுதான். வாசனை சேர்க்காத லிக்விட், முன்னாடி போட்டதுல பாதி. 'பேபி'ன்னு லேபிள்ல இருந்தாலும் வாசனை இருக்கலாம், அதனால பின்பக்கம் படிச்சுப் பாருங்க. சாஃப்ட்னர், கிருமிநாசினி ரெண்டும் கிடையாது. டிரம்மில் கொஞ்சம் இடம் விட்டு, எக்ஸ்ட்ரா ரின்ஸ் போடறோம்.

தினமும் போடற சட்டைக்கு 40 டிகிரி போதும். 60 டிகிரி துணி நாப்கினுக்கும், மலம் பட்ட துணிக்கும், வீட்ல யாருக்காவது வயித்துப்போக்கு இருக்கிற நாளுக்கும் மட்டும். ஆனா அந்தத் துணியை முதல்ல பச்சைத் தண்ணியில அலசிடுங்க. நேரா சூட்டுல போட்டா பால் கறையும் மலக் கறையும் வெந்து ஒட்டிக்கும். எலாஸ்டிக் வச்ச துணிக்கு லேபிள்ல எத்தனை டிகிரி போட்டிருக்குன்னு பாருங்க.

போர் தண்ணி உப்பா இருந்தா நுரை வராது. உடனே இன்னும் ஊத்தத் தோணும். என் அம்மாவும் அதையேதான் சொன்னாங்க: "நுரையே வரலையேடா!" நுரையைப் பார்த்து அளக்காதீங்க. துணி அழுக்கு போயிருக்கா, மேல சொன்ன டெஸ்ட்ல நுரை வருதான்னு பாருங்க. அழுக்கு போகலைன்னா மட்டும் கொஞ்சம் கூட்டுங்க.

பழைய துணியெல்லாம் சோப்பில்லாம ரெண்டு தடவை அலசினோம். ஒரு வாரத்துல பாப்பாவோட கழுத்துச் சிவப்பு அடங்கிடுச்சு. துணியை மாத்தியும் சிவப்பு குறையலைன்னா, நீர் வடிஞ்சா, காய்ச்சல் வந்தா, அது வெறும் துணிப் பிரச்சினையா இல்லாம இருக்கலாம். டாக்டர்கிட்ட போயிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.