அலுவலகச் சிறுசேமிப்புக் குழுத் தொடக்கவுரை

இன்று தொடங்கும் இக்குழுவில் பணம் எவர் கையிலும் தங்காது. ஒவ்வோர் உறுப்பினரும் தத்தம் பெயரில் அஞ்சலகத் தொடர்வைப்புக் கணக்குத் தொடங்குவர். தவணை நாளை நினைவூட்டுவது ஒன்றே குழுவின் பணி.

திங்கள்தோறும் 100 ரூபாயிலிருந்தே செலுத்தலாம். 500 ரூபாய் செலுத்துபவர் 60 தவணைகளில் 30,000 ரூபாய் சேர்ப்பார். ஆண்டுக்கு 6.7 விழுக்காடு வட்டி, காலாண்டுதோறும் அசலுடன் கூடுமாயின், முடிவில் ஏறத்தாழ 35,680 ரூபாய் கிடைக்கும். முதல் தவணை ஐந்தாண்டு முழுதும் வட்டி ஈட்டுகிறது. இறுதித் தவணையோ ஒரு திங்களே ஈட்டுகிறது. ஆதலின் தொடக்கத்தைத் தள்ளிப்போடுதலே பெரிய இழப்பு.

தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் திங்கள்தோறும் தண்டம் உண்டு. அது சிறிதே, ஆனால் நான்கு தவணைகள் தவறின் கணக்கு நின்றுவிடும். அதன்பின் இரண்டு திங்களுக்குள் புதுப்பித்தாக வேண்டும். எனவே முதல் தவணை தவறிய அன்றே நிலுவையைத் தீர்ப்பது நன்று.

இடையில் மருத்துவச் செலவோ கல்விக் கட்டணமோ நேரலாம். மூன்றாண்டுகளுக்கு முன் கணக்கை முடிக்க இயலாது. பின்னர் முடித்தாலும் சேமிப்புக் கணக்கின் குறைந்த வட்டியே கிட்டும். ஆயினும் 12 தவணைகள் செலுத்தியவர் இருப்பில் பாதியளவு கடன் பெறலாம். இருபதாம் திங்களில் 10,000 ரூபாய் செலுத்தியிருப்பவருக்கு 5,000 ரூபாய் கிடைக்கும். அதற்குரிய வட்டி, வைப்பு வட்டியைவிட 2 விழுக்காடு மிகுதி. கணக்கும் முறியாது.

ஆகவே, இடர் வந்த திங்களிலும் தடையின்றிச் செலுத்தக்கூடிய தொகை எதுவோ, அதனையே ஒவ்வொருவரும் இன்று படிவத்தில் எழுதுக.