புகையும் தொண்டையும்



2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நமது நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கலாம். வங்காள விரிகுடாவில் எழுந்த மாண்டஸ் புயல், இந்தியாவின் மேல் தேங்கியிருந்த மாசுற்ற காற்றை ஈர்த்து இலங்கையின் மேல் கொண்டுவந்து சேர்த்தது. யாழ்ப்பாணத்தில் வானம் மங்கியது. பலருக்குத் தொண்டை கரகரத்தது. நமக்கு இரண்டொரு நாள் விருந்தாக வந்த அந்தத் துன்பம், தில்லி மாநகர மக்களுக்கோ ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் தவறாது வந்து தங்கிப் போவது. அவர்கள் அதனை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

முதலில் புகை வரும் வழியைப் பார்ப்போம். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் நெல்லை அறுப்பது பெரும்பாலும் இயந்திரமே. அது கதிரைக் கொண்டுபோய்விட்டு, அரிதாளை நிலத்தில் நிற்கவிட்டுச் செல்கின்றது. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாபில் 2009இல் இயற்றப்பட்ட சட்டம், நாற்று நடுவதை ஜூன் மாதத்தின் பிற்பகுதியை நோக்கித் தள்ளியது. ஆகவே அறுவடையும் பின்தள்ளிப் போயிற்று. நெல் அறுத்தபின் கோதுமை விதைக்க உழவனுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரங்களே. தாளை அகற்றக் கூலியும் இயந்திரமும் வேண்டும். தீயிட ஒரு தீக்குச்சி போதும். வடமேல் திசைக் காற்று அந்தப் புகையைத் தில்லிக்கு ஏந்தி வருகின்றது. அதே நாட்களில்தான் தீபாவளியும் வருகின்றது.

புகை அங்கே ஏன் தங்குகின்றது? குளிர்கால இரவில் நிலம் விரைவில் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிரச் செய்கின்றது. அதற்கு மேலே வெப்பமான காற்று, பானைக்கு மூடி போட்டாற்போல் நிற்கின்றது. கீழே எழும் புகை மேலே செல்ல வழியின்றித் தெருவிலும் வீட்டிலும் தேங்குகின்றது. நண்பகல் வெயில் நிலத்தைச் சூடேற்றியபின்னரே அந்த மூடி உயர்கின்றது.

2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு நான் தில்லியில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கியிருந்தேன். நவம்பர் 10ஆம் திகதி பெய்த மழை காற்றைக் கழுவிவிட்டிருந்தது. தீபாவளி நாளாகிய 12ஆம் திகதி மாலையில் காற்றின் தரச் சுட்டெண் 218 என அறிவிக்கப்பட்டது. அதுவும் நல்ல காற்றன்று; ஆயினும் முந்திய பல தீபாவளிகளிலும் அது மேல். தடை இருந்தும் அன்றிரவு வெடிகள் ஓயவில்லை. மறுநாள் மாலையில் அந்த எண் 358 ஆயிற்று. காலையில் எழுந்தபோது என் தொண்டையில் மணல் ஒட்டியிருப்பது போன்ற உணர்ச்சி. நண்பரின் பத்து வயது மகனுக்கு வறட்டு இருமல்.

இதற்குக் காரணம் இரண்டு. வெடிமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவை உள்ளன. கந்தகம் எரிந்து உண்டாகும் வாயு, மூக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்திற் கரைந்து அமிலமாகி நரம்பு நுனிகளைச் சுடுகின்றது. இருமல் அதன் விளைவு. மற்றது நுண்துகள். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதானும் இல்லாத இத்துகள்களைப் பெரிய தூசியைப் போல் மூக்கு தடுப்பதில்லை. அவை மூச்சுக்குழாயின் கிளைகள் வரை சென்று, அங்கே சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளின் வேலையைக் குலைக்கின்றன.

நண்பரின் மனைவியார் வெடி தொடங்குமுன்பே, மாலை ஆறு மணிக்குச் சன்னல்களையெல்லாம் மூடிவிட்டார். கதவின் அடியிலுள்ள இடைவெளியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தார். காற்றைச் சுத்திகரிக்கும் கருவி அவர்களிடம் ஒன்றே இருந்தது. அதனை எல்லா அறைக்கும் பொதுவாகக் கூடத்தில் வைக்காது, பையன் உறங்கும் சிறிய அறையில் வைத்துக் கதவை அடைத்தார். திறந்த கூடத்தில் அது வீணே சுழன்றிருக்கும். மறுநாட் காலையில் வழக்கம்போலச் சன்னலைத் திறக்கவில்லை. அதுவே புகை மிகுந்த வேளை. பிற்பகல் இரண்டு மணியளவில், அளவுமானி இறங்கியதைக் கண்டபின் அரை மணி நேரம் திறந்து வைத்தார். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் தரையைத் துடைத்தார்.

ஆனால் அவர் ஒன்றை மறந்தார். சன்னலை மூடிய அதே அறையில் நுளம்புச் சுருளைக் கொளுத்தி வைத்திருந்தார்! ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், எழுபத்தைந்து சிகரெட்டுகளினதற்குக் குறையாது என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகின்றது. வெளியே உள்ள பகைவனுக்குக் கதவை அடைத்துவிட்டு உள்ளே ஒருவனை வளர்ப்பது போன்றது இது. சுருளை அணைத்து நுளம்புவலை கட்டியபின் பையனின் இருமல் சற்றுத் தணிந்தது. சாம்பிராணி, ஊதுபத்தி, புகையப் பொரித்தல் ஆகியவற்றையும் அந்நாட்களில் நிறுத்திவைத்தல் நன்று. மூடிய அறையில் குளிருக்காகக் கரிச்சட்டி வைப்பதோ உயிருக்கே ஆபத்து; கரி வெளியிடும் நஞ்சு வாயுவுக்கு மணமில்லை.

அடுத்து முகக்கவசம். கைக்குட்டையும் துணிக்கவசமும் பெருந்தூசியைத் தடுக்கலாம். புகைத்துகளுக்கு அவை பெரிதும் உதவா. என் 95 எனப்படும் கவசம் சோதனையில் நுண்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் தடுக்கின்றது. ஆயினும் அது முகத்தோடு ஒட்டியிருந்தாலன்றிப் பயனில்லை. மேல்நாடா உச்சந்தலையின் பின்புறமும் கீழ்நாடா கழுத்தின் பின்புறமும் செல்லவேண்டும். மூக்குத் தகட்டை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவையுங்கள். பின்பு பலமாக மூச்சை விடுங்கள். கண்ணருகே காற்றுப்பட்டால் அங்கே கசிவு உண்டு, திரும்பவும் சரிசெய்யவேண்டும். தாடி உள்ளவருக்கு அது சரியாகப் படிவதில்லை. சிறு குழந்தைகளுக்கேற்ற அளவிலும் அது செய்யப்படுவதில்லை. அவர்களை வெளியே கொண்டுசெல்லாதிருத்தலே மேல். இக்கவசத்தைத் துவைக்கலாகாது. அதன் இழைகளிலுள்ள மின்னூட்டமே துகளைப் பிடிப்பது. துவைத்தால் அது போய்விடும். மூச்சு இழுக்கக் கடினமானால் புதியதை அணியுங்கள். கந்தக வாயுவை இக்கவசம் தடுப்பதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். ஆகவே வெடி வெடிக்கும் இடத்திலே கவசம் அணிந்து நிற்பதைவிட அங்கே நில்லாதிருப்பது நன்று.

கரகரக்கும் தொண்டைக்கு இளஞ்சூடான நீரும், உப்பு நீரிற் கொப்பளித்தலும் இதமளிக்கும். அவை நுரையீரலுக்குட் சென்ற துகளை வெளியேற்றுவனவல்ல, வலியைத் தணிப்பன. மூக்கால் மூச்சு விடுங்கள். வாயால் மூச்சு விட்டால் மூக்கு தடுக்கக்கூடியதும் உள்ளே சென்றுவிடும். புகை நாட்களில் காலை ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். புகையால் வந்த இருமல் காற்றுத் தெளிந்தபின் சில நாட்களில் குறைவது வழக்கம். காய்ச்சல் கண்டால் அது வேறு நோயாக இருக்கலாம். இளைப்புச் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ தோன்றினால் வைத்தியரிடம் காட்டவேண்டும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் தங்கள் மருந்தைப் புகை வருமுன்பே கையருகில் வைத்திருப்பது அவசியம்.

நான் புறப்பட்ட நாளில், நண்பரின் மகன் பிற்பகல் இரண்டு மணிக்குத் தானாகவே அளவுமானியைப் பார்த்து, "இப்போது திறக்கலாம், அம்மா" என்றான். அடுத்த தீபாவளிக்கு வெடி வாங்கவேண்டாம் என்றும் அவனே சொல்லிவிட்டானாம்.